பால் பொங்குவது, அடிப்பிடிப்பது, ஏடு படிவது, திரிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் பதினோரு வருடம் டீக்கடை வைத்திருந்தேன். கடையை விட்டும் நாளாகிவிட்டது, ஆனால் அக்கம்பக்கத்தில் பால் திரிந்தால் இன்னும் என்னைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் வழியறதில்ல. பால் மட்டும் ஏண்ணே இப்படிப் பொங்குது?

பாலின் மேல் ஏடு மூடி போட்டுவிடுகிறது, அதனால்தான். தண்ணீரில் அடியிலிருந்து வரும் ஆவிக் குமிழி மேலே வந்ததும் உடைந்து காற்றோடு போய்விடும். பாலில் புரதம் இருக்கிறது. சூடு 70 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் புரதத்தில் ஒரு பகுதி சுருண்டு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிப் போவதால் அங்கே புரதம் இன்னும் நெருக்கமாகச் சேரும், கொழுப்பும் வந்து ஒட்டும். அதுதான் ஏடு.

கீழே உருவாகும் ஆவி இந்த ஏட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. ஏட்டைத் தாண்டி வரும் குமிழியும் தண்ணீர்க் குமிழி போல உடையாது, அதன் மேலும் புரதம் தோலாகப் படிந்திருக்கும். அதனால் குமிழி மேல் குமிழியாக நுரை ஏறிக்கொண்டே போகும். பார்க்கப் பால் பெருகியது போலத் தெரிந்தாலும் பால் இருந்த அளவுதான் இருக்கிறது, ஏறுவது முழுக்க ஆவி. அடுப்பை அணைத்த மறுநொடியே நுரை சடாரென்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புது ஆவி வருவது நின்றவுடன் நுரைக்குத் தாங்க ஒன்றும் இல்லை.

சரி, எந்த நேரத்துல தீயைக் குறைக்கணும்? நான் திரும்புறதுக்குள்ள வழிஞ்சிடுது.

ஒரு லிட்டர் பாலை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் குறைந்தது இரண்டு லிட்டர் பிடிப்பதாக இருக்கட்டும், இரண்டரை என்றால் இன்னும் நல்லது. பால் பாதிக்கு மேல் நிற்கக்கூடாது. பொங்குகிறது என்று வருகிற புகாரில் முக்கால்வாசி, ஒரு லிட்டர் பாலை ஒன்றேகால் லிட்டர் ஏனத்தில் வைப்பதால் வருவதுதான்.

நடுத்தரத் தீயில் வையுங்கள். வீட்டு கேஸ் அடுப்பில் எட்டுப் பத்து நிமிடம் ஆகும். முதல் நாலைந்து நிமிடம் ஒன்றும் நடக்காது, மற்ற வேலையைப் பார்க்கலாம். அப்புறம் பாத்திரத்தின் விளிம்பை ஒட்டி, சுற்றிலும் கடுகு அளவில் குமிழிகள் வரிசையாக வரும். ஆவி லேசாகக் கிளம்பும். இங்கேதான் தீயைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பெரும்பாலோர் நடுவில் குமிழி வரட்டும் என்று காத்திருப்பார்கள், அது தாமதம். நடுவில் ஏடு சுருங்கி மடிந்து, பிறகு அப்பளம் உப்புவது போல மெதுவாக மேலே எழும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் உங்கள் கையில் சில நொடிகள்தான்.

காதாலும் கண்டுபிடிக்கலாம். கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவும்போது நான் சத்தத்தைத்தான் நம்புவேன். சூடாகும்போது பாத்திரத்துக்கு அடியிலிருந்து 'சுர்ர்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். சின்னக் குமிழிகள் பிறந்து அடியிலேயே அடங்குகிற சத்தம் அது. பொங்கப் போவதற்குச் சற்று முன் அது தணிந்துவிடும். அடுப்பில் பால் இருக்கும்போது சமையலறை திடீரென்று அமைதியானால் ஓடுங்கள்.

தீயைக் குறைத்தபின் ஒரு தடவை மெதுவாகப் பொங்க விட்டு, கரண்டியால் கலக்கி நுரையை அமர்த்தி, சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் போதும். பொங்கி வந்தவுடனே அணைத்துவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே நுரை எழுவதாலேயே பால் முழுக்கக் கொதித்துவிட்டது என்று சொல்ல முடியாது. கலக்கியபின் மறுபடியும் கொதி வர வேண்டும். கறந்த பால் என்றால் இதை விடவே கூடாது.

மரக்கரண்டியைக் குறுக்கே வச்சா பொங்காதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

கொஞ்ச நேரத்துக்கு நிஜம். ஏறி வருகிற நுரை உலர்ந்த, சூடில்லாத மரத்தில் பட்டதும் குமிழிகள் உடையும். கரண்டி நனைந்து சூடேறிவிட்டால் நுரை அதையும் தாண்டி வழியும். பெரிய தீயில் இந்த வித்தை அரை நிமிடம்கூடத் தாங்காது.

அதைவிட, நீளப் பிடி உள்ள எவர்சில்வர் கரண்டியைப் பாலுக்குள்ளேயே நிறுத்தி வைப்பது மேல். ஏடு முழு மூடியாகப் படியாமல் கரண்டியைச் சுற்றி இடைவெளி விடும், ஆவி அந்த வழியே போகும். விளிம்பில் நெய் தடவுவதும் இதே ரகம்தான், நுரை நெய்யைத் தொடும் இடத்தில் உடையும். உதவிதான், உத்தரவாதம் இல்லை. பொங்கி ஏறிவிட்ட பிறகு கைகொடுப்பது ஒரு கை பச்சைத் தண்ணீர். தெளித்தால் குமிழிக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து நுரை இறங்கிவிடும்.

இரண்டு சுவருக்கு நடுவில் தண்ணீர் ஊற்றி விசில் அடிக்க வைக்கும் பால் குக்கர் இருக்கிறதே, அதில் பால் பொங்கவும் செய்யாது, அடியும் பிடிக்காது. சுற்றி இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் பால் கொதிநிலைக்கு மிக அருகில் வந்து நின்றுவிடும். நேரம்தான் கூடுதலாகும். தண்ணீர் விட மறந்து அடுப்பில் வைத்தால் குக்கரே போய்விடும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று போனது.

பால் வழிஞ்சு அடுப்பு அணைஞ்சிடுச்சு. உடனே பத்த வைக்கலாமா?

கூடாது. தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும். முதலில் அடுப்பின் திருகையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுங்கள், சன்னல் கதவைத் திறந்து விடுங்கள். லைட், பேன் சுவிட்சைத் தொட வேண்டாம். வாடை முழுக்கப் போனபிறகு பர்னரைக் கழற்றிக் கழுவி, துளைகளில் பால் காய்ந்து அடைத்திருந்தால் ஊசியால் எடுத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அடைத்த துளையோடு எரித்தால் தீ ஒரு பக்கமாக எரியும், மறுநாள் பால் அந்தப் பக்கம் அடிப்பிடிக்கும்.

கிண்டிக்கிட்டேதான் இருக்கேன், அப்பவும் அடிப்பிடிக்குது. பாத்திரம் சரியில்லையா?

பாத்திரம் ஒரு காரணம். மெல்லிய எவர்சில்வர் ஏனம் பாலுக்கு ஆகாது. எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது, தீ படுகிற வட்டத்தில் மட்டும் சூடு ஏறும். அந்த வட்டத்தில் பால் புரதம் முதலில் மெல்லிய படலமாக ஒட்டும், அதன் மேல் இன்னும் ஒட்டும். ஒட்டியது நகராமல் அங்கேயே கிடப்பதால் புரதமும் பாலில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி, பிறகு கருகும். அடி கனமான பாத்திரம், அல்லது எவர்சில்வருக்கு நடுவில் அலுமினியத் தட்டு வைத்து அடித்த பாத்திரம் என்றால் சூடு பரவிவிடும்.

இரண்டாவது காரணம் கிண்டும் விதம். வட்டக் கரண்டியால் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தால் பால் சுழலுமே தவிர அடி சுத்தமாகாது. தட்டையான முனை உள்ள கரண்டியால் அடியைத் தொட்டு இழுக்க வேண்டும், தீ படும் வட்டத்தில் முக்கியமாக. ஓயாமல் கிண்ட வேண்டாம். சூடேறத் தொடங்கியதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போதும்.

பால் ஊற்றுவதற்கு முன் பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு விடுவது நம் அம்மாக்கள் எல்லாரும் செய்வது. ஓரளவு உதவும், குளிர்ந்த பால் காய்ந்த உலோகத்தில் நேராகப் பிடிப்பதை அது தாமதப்படுத்துகிறது. ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணியில் கழுவிக் கழுவிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவு பிடித்திருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பால் அதில்தான் முதலில் ஒட்டும். பாதி எலுமிச்சை மூடியாலோ புளியாலோ தேய்த்து அதை எடுத்துவிடுங்கள். எடுத்தபின் நன்றாக அலசுவதும் முக்கியம், புளிப்பு மிஞ்சினால் பால் திரியும்.

காத்து அடிக்கிற நாள்ல ஒரு பக்கம் மட்டும் கருகுதே?

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் கடையில் இது தினசரி வழக்கு. தீ சாய்ந்து பாத்திரத்தின் ஒரு ஓரத்தையே நக்கும். கலக்கும்போது நாம் நடுவில் கலக்குகிறோம், அடிப்பிடிப்பதோ ஓரத்தில். காற்று வரும் பக்கத்தில் தகரத்தையோ நாலு செங்கல்லையோ நிறுத்துங்கள், பாத்திரத்தை அவ்வப்போது கால் சுற்றுத் திருப்புங்கள். அடுப்பை நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள், தீக்குக் காற்று வேண்டும்.

அடிப்பிடிச்ச பாலைக் காப்பாத்த முடியுமா?

உடனே கவனித்தால் முடியும். வாடை வந்தவுடன் செய்யக்கூடாதது ஒன்றுதான்: கிண்டக்கூடாது. அடியைச் சுரண்டினால் கருகல் முழுப் பாலிலும் கலந்துவிடும். அசைக்காமல் அடுப்பிலிருந்து இறக்கி, மேலாக உள்ள பாலை வேறு பாத்திரத்தில் சாய்த்து ஊற்றுங்கள். கடைசி அரை டம்ளரை அதிலேயே விட்டுவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். ஊற்றியதில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். லேசான வாடை என்றால் ஏலக்காயோ சுக்கோ போட்டு ஒப்பேற்றலாம். தீய்ந்த வாடை தெரிகிறது என்றால் எதைப் போட்டாலும் போகாது. தயிருக்கு உறை ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள், தயிரிலும் அந்த வாடை வரும்.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டால் கருகல் தானாகப் பெயரும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா வேண்டாம், கறுத்துவிடும்.

எம் பிள்ளை ஏடு வாயில பட்டாலே துப்புறான். ஏடு படியாம ஆத்த முடியுமா?

முடியும். ஏடு கொதிக்கும்போது மட்டும் படிவதில்லை, ஆறும்போதுதான் கெட்டியாகும். மேற்பரப்பு அசையாமல், திறந்தபடி, சூடாக இருக்க வேண்டும், அப்போதுதான் படியும். இதில் ஒன்றைக் கெடுத்தால் போதும். இறக்கியதும் மூடி போட்டால் ஆவி வெளியேறுவது குறைந்து ஏடு மெல்லிசாகும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை வைத்து ஐந்து நிமிடம் கலக்கிக்கொண்டே இருந்தால் சூடு மளமளவென்று இறங்கும், ஏடு படிய நேரமே இருக்காது. டீக்கடையில் நாங்கள் தூக்கி ஆற்றுவதிலும் இதுதான் நடக்கிறது.

படிந்துவிட்ட ஏட்டைக் கலக்கிக் கரைக்க முடியாது. புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டுவிட்டது, துண்டு துண்டாகத்தான் மிதக்கும். வடிகட்டிவிடுங்கள்.

நெய்க்கு ஏடு சேர்க்கிறேன், தடிமனா வரமாட்டேங்குது.

மேலே சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். அகல வாய்ப் பாத்திரம், சிறுதீயில் கூடுதலாகப் பத்து நிமிடம், மூடாமல், அசைக்காமல் ஆறவிட்டு, பிறகு மூடி பிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுக்க வேண்டும். பாலும் முக்கியம். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்தில் ஏடு படியும், ஆனால் அது பெரும்பாலும் புரதத் தோல்தான், கடைந்தால் வெண்ணெய் சொற்பம். நெய் வேண்டும் என்றால் ஆரஞ்சு பாக்கெட் அல்லது எருமைப்பால்.

பாக்கெட்டை உடைக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. காய்ச்சினதும் திரிஞ்சிருச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பால் அடுப்புக்கு வருமுன்பே புளிக்கத் தொடங்கியிருக்கும், நம் நாக்குக்கு மட்டும் தெரிந்திருக்காது. கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஹெச் அளவு நல்ல பாலில் 6.7 பக்கம் இருக்கும். குளிர்ந்த பால் தானாகத் தயிராக உறைய அது 4.6 வரை இறங்க வேண்டும். ஆனால் கொதிக்கும் சூட்டில் புரதம் அவ்வளவு காத்திருக்காது, 6-க்குப் பக்கத்தில் இறங்கினாலே திரிந்துவிடும். வாசனையும் நிறமும் மாறாத பால் அடுப்பில் திரிவது அதனால்தான்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, பால் கொள்முதல் நிலையங்களிலும் செய்வதுதான். குழிக்கரண்டியில் இரண்டு ஸ்பூன் பாலை எடுத்துத் தீயில் காட்டிக் கொதிக்க வையுங்கள். கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் ரவை போல மணிமணியாக ஒட்டினால் அந்தப் பால் தாங்காது. வழவழப்பாக ஓடினால் பயமில்லாமல் மொத்தத்தையும் ஊற்றலாம். கடையில் நான் ஒவ்வொரு பாக்கெட்டையும் இப்படிப் பார்க்கவில்லை. ஆனால் மின்சாரம் நின்ற இரவுக்கு மறுநாள் கண்டிப்பாகப் பார்ப்பேன். நேற்றைய மிச்சப் பாலைப் புதுப் பாலோடு சேர்ப்பதற்கு முன்னும் பார்ப்பேன். கால் லிட்டர் பழைய பால் மூன்று லிட்டர் புதுப் பாலைக் கெடுத்ததை இரண்டு தடவை பார்த்தபிறகு வந்த பழக்கம் இது.

கறந்த பால் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாடு கன்று போட்டு நாலைந்து நாள்தான் ஆகிறது என்றால் பாலில் சீம்பால் இருக்கும். அதில் சூட்டில் உறையும் புரதம் மிக அதிகம். கெட்டுப்போகாமலேயே அடுப்பில் கட்டியாகும்.

எங்க வீட்டுல உப்புத் தண்ணிதான். அதைப் பால்ல ஊத்தினா திரியுமா?

நல்ல பாலில் ஒரு டம்ளர் ஊற்றினால் பெரும்பாலும் தாங்கிவிடும். விளிம்பில் நிற்கும் பாலை அது தள்ளிவிடும். கரையோரக் கிணற்று நீரில் இருக்கும் சுண்ணமும் மெக்னீசியமும் கொதிக்கும் பாலில் புரதத்தை ஒன்று சேரத் தூண்டும். காலை டீ நன்றாக இருந்து மதிய டீ மட்டும் திரிகிற வீடுகளில் பால் கொஞ்சம் புளித்ததும் தண்ணீரின் உப்பும் கைகோத்திருக்கும். டீக்கும் காபிக்கும் குடத்தில் வாங்கும் நல்ல தண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ருசிக்கும் அதுதான் நல்லது.

கருப்பட்டி காபி போட்டா மட்டும் எப்பவும் திரியுது. என்ன தப்பு பண்றேன்?

பாலோடு சேர்த்துக் கொதிக்க வைக்கிறீர்கள். என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, ஏனென்றால் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

சீனி போட்டால் பாலுக்கு ஒன்றும் ஆகாது, அது சுத்தமான இனிப்பு. கருப்பட்டியில் பதநீரில் இருந்த எல்லாமே இருக்கிறது. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கத்தான். அப்படியும் இறக்குவதற்குள் கொஞ்சம் புளிக்கும். அந்த அமிலம் காய்ச்சிய பின்னும் கருப்பட்டியில் நிற்கும், கூடவே உப்புகளும். ஈரம் பட்டுக் கசிந்த பழைய கருப்பட்டியில் புளிப்பு இன்னும் கூடியிருக்கும். இது 100 டிகிரியில் கொதிக்கும் பாலில் விழுந்தால் புரதம் தாங்காது.

எனக்கே இது நடந்தது. கடை ஆரம்பித்த வருடம், தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாற்பது பேருக்குக் கருப்பட்டி காபி ஒத்துக்கொண்டேன். எட்டு லிட்டர் பால் தளதளவென்று கொதிக்கிறது. தட்டி வைத்த கருப்பட்டியை அப்படியே கொட்டிக் கலக்கினேன். ஒரு நிமிடம் நிறம் அழகாக மாறியது. அடுத்த நிமிடம் கரண்டியில் பொடிப்பொடியாக ஒட்டியது, அப்புறம் பச்சை கலந்த பழுப்புத் தண்ணீரும் கட்டியும் தனித்தனியாக நின்றன. வந்தவர்களுக்குக் கடுங்காபி கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

இப்போது செய்கிற முறை இது. ஒரு லிட்டர் பாலுக்கு 120 கிராம் கருப்பட்டி. அதைத் தட்டி, 150 மில்லி நல்ல தண்ணியில் போட்டு, சுக்குப் பொடியும் சேர்த்து, தனி அடுப்பில் கரைந்து நன்றாகக் கொதிக்கும்வரை வையுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் பனை நாரும் அடியில் தங்குவதைப் பார்த்தால், வடிகட்டாமல் இத்தனை நாள் என்ன குடித்தோம் என்று தோன்றும். காபித் தூள் டிக்காஷனையும் இந்தப் பாகிலேயே கலந்துவிடலாம்.

பாலைத் தனியாகக் காய்ச்சி இறக்குங்கள். உடனே கலக்கக்கூடாது. கொதி முழுக்க அடங்கி, குடிக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்வரை நாலைந்து நிமிடம் விடுங்கள். பாகும் கொதித்துக்கொண்டிருக்கக்கூடாது, வெதுவெதுப்பாக இருக்கட்டும். முதலில் ஒரு டம்ளர் பாலில் அளவுப்படி பாகை விட்டுக் கலக்கி, கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். முதுகில் பால் வழவழவென்று படிந்திருந்தால் மீதியையும் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். மணி மணியாகத் தெரிந்தால் ஒரு டம்ளரோடு நஷ்டம் போச்சு. அந்தக் கருப்பட்டியைக் கடுங்காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்தபின் திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். ஆறிவிட்டதே என்று சூடு பண்ணினால் அங்கேயும் திரியும். விருந்தாளி தாமதம் என்றால் பாலையும் பாகையும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

இஞ்சி டீ போட்டாலும் திரியுதே, அதுவும் இதே கதையா?

இல்லை, இது வேறு. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் அந்த நொதி வெதுவெதுப்பில் வேலை செய்து பாலைத் திரித்துவிடும். கொதித்தால் நொதி செத்துவிடும். அதனால் இஞ்சியை முதலில் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, பிறகு காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். சுக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டா திரியாதாமே?

திரியாது. ஆனால் புளித்துப்போன பாலை நல்ல பாலாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். அமிலத்தை மட்டும் சோடா அடக்கும், கிருமிகள் உள்ளேயே பெருகிக்கொண்டிருக்கும். விற்கிற பாலில் போட்டால் அது சட்டப்படி கலப்படம். வீட்டிலும் வேண்டாம்.

திரிஞ்சதைக் கொட்டிடணுமா? மனசு வரலையே.

எதனால் திரிந்தது என்று பாருங்கள். கருப்பட்டியாலோ இஞ்சியாலோ எலுமிச்சை பட்டோ நல்ல பால் திரிந்தால் கவலையே இல்லை. துணியில் வடித்துப் பன்னீராக்கலாம். கருப்பட்டி போட்டதை அப்படியே சிறுதீயில் சுருள வதக்கி ஏலக்காயும் நெய்யும் சேர்த்தால் பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்னும். என் எட்டு லிட்டரும் அப்படித்தான் தெருவுக்கே போனது.

பாக்கெட் பால் தானாக லேசாகத் திரிந்து, வாசனை சுத்தமாக, தயிர்ப் புளிப்பாக மட்டும் இருந்தால் உடனே கிளறிச் சாப்பிடலாம். பல மணி நேரம் வெயிலில் கிடந்த பால், கசப்பு, நூல் நூலாக வருவது, அழுகல் வாடை என்றால் கொட்டத்தான் வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கிருமி சாகும், சில கிருமிகள் விட்டுப்போன நச்சு கொதியில் அழியாது. கைக்குழந்தைக்குத் திரிந்த பாலில் செய்த எதையும் கொடுக்காதீர்கள்.

பிரிட்ஜ் இல்ல. காலையில காய்ச்சின பாலை ராத்திரி வரைக்கும் எப்படி வச்சுக்கிறது?

காய்ச்சியதும் தண்ணீர்த் தட்டில் வைத்து வேகமாக ஆற்றுங்கள், வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரம்தான் பாலுக்கு எமன். ஆறியபின் மூடி, நிழலில், ஈரத்துணி சுற்றி வையுங்கள். கோடையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பக் கொதிக்க வைக்க வேண்டும்: காலை ஏழுக்குக் காய்ச்சினால் பதினொன்று, மூன்று, ஏழு. ஒவ்வொரு தடவையும் முதலில் கரண்டிச் சோதனை. குடிப்பதற்குப் பாத்திரத்தில் டம்ளரை முக்காமல், கழுவிய கரண்டியால் எடுங்கள்.

இத்தனையும் முடியாது என்றால் அரை லிட்டருக்குப் பதில் காலையில் கால், மாலையில் கால் என்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன பாக்கெட்டுக்கு ஓரிரு ரூபாய் கூடலாம், ஒரு நாள் பால் திரிந்தால் அதைவிட அதிகம் போகும்.